262 டன்னும் 239.6 டன்னும்

(வடக்கனந்தலில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களும் கணக்காளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜனவரி முதல் மார்ச் வரை 262 டன் மக்காச்சோளம் அனுப்பினோம் என்கிறது ஓர் உழவர் நிறுவனம். எங்கள் கணக்கில் 239.6 டன்தான் என்கிறது நாமக்கல் தீவன ஆலை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. காலாண்டு முடிந்ததும் இரு தரப்பும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பேசி முடித்த பிறகு யாரோ ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி இருபுறமும் அனுப்பியாக வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் கணக்கு எந்த நிறுவனத்தின் கணக்கும் இல்லை. இந்தப் பேச்சுக்காக நானே கட்டிய உதாரணம். யாரும் இங்கே எழுந்து, "அது எங்க கம்பெனிதானே?" என்று கேட்க வேண்டாம். அதில் வரும் நாள்காட்டியும் மழையும் மட்டும் நிஜம்.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்த்துவிடுவோம். ஆலையில் ஏற்கப்பட்ட எடையில் காலாண்டுக்கு 300 டன். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒன்றரை சதவீதம் கழிவு. அஃப்ளடாக்சின் 20 பிபிபி-க்கு மேல் இருந்தால் லோடு திரும்பும். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. பூஞ்சை பிடித்த தானியத்தில் உண்டாகும் நஞ்சு என்பதால் இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள். ஆலை தன் பங்குக்கு, லோடு ஏற்கப்பட்ட 10 நாளில் பணம் போட வேண்டும். விலை கிலோவுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவுதான் ஒப்பந்தம். இது கையில் இல்லாமல் சுருக்கம் எழுத உட்காராதீர்கள். அழைப்பில் சொல்லப்படும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று ஒப்பந்தம்தான் சொல்லும்.

அழைப்பு 2025 ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை காலை நடக்கிறது. தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள். இந்தப் பக்கம் தலைவர், முதன்மைச் செயல் அலுவலர், ஓர் இயக்குநர், கணக்காளர். அந்தப் பக்கம் கொள்முதல் மேலாளர், ஆய்வகப் பொறுப்பாளர், கணக்குப் பிரிவு அலுவலர். தலைவர் பெருமையாகத் தொடங்குகிறார்: "87 சதவீதம் முடிச்சிட்டோம் சார்." மேலாளர் உடனே மறுக்கிறார்: "இல்லைங்கய்யா, எங்க கணக்குல 80-தான் வருது." அங்கிருந்து பத்து நிமிடம் யார் சொல்வது சரி என்று போகிறது.

சுருக்கம் எழுதுகிறவர் இங்கே செய்யும் வழக்கமான தவறு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதுவது. நம் ஊர்க்காரர் எழுதினால் 87, ஆலைக்காரர் எழுதினால் 80. இன்னொரு வகையினர் "வழங்கல் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நழுவிவிடுவார்கள். அந்த வாக்கியத்தால் யாருக்கும் பயன் கிடையாது.

செய்ய வேண்டியது, எண்ணைப் பிரித்துப் பார்ப்பது. மொத்தம் 13 லோடு கிளம்பியது. நம் எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டினால் 262 டன். அதில் 20 டன் கொண்ட ஒரு லோடில் அஃப்ளடாக்சின் 34 பிபிபி இருந்ததால் திருப்பிவிட்டார்கள். ஆக, ஆலை ஏற்றது 12 லோடு, 242 டன். அந்தப் பன்னிரண்டில் நான்கு லோடு, அதாவது 80 டன், 16 சதவீத ஈரத்தோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு சதவீதம் கூடுதல் என்பதால் மூன்று சதவீதம் கழிவு. 80 டன்னில் 2.4 டன் போயிற்று. மிச்சம் 239.6 டன். அனுப்பிய எடை, ஏற்ற எடை, பணம் கிடைக்கும் எடை என்று மூன்றுக்கும் இரு தரப்பும் அழைப்பில் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: சப்ளை. 262-ஐ 300-ஆல் வகுத்தால் 87 சதவீதம். 239.6-ஐ வகுத்தால் ஏறக்குறைய 80. நடுவில் இருக்கும் 242-ஐ யாருமே உச்சரிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் "ஆலையில் ஏற்கப்பட்ட எடை" என்று இருக்கிறது. எனவே இலக்கோடு ஒப்பிட வேண்டிய எண் அந்த 242-தான். அது 80.7 சதவீதம்.

சுருக்கத்தில் இதை எழுதும் விதம் இப்படி இருக்கட்டும்: "வழங்கல்: இலக்கு 300 டன். அனுப்பியது 262 (நிறுவனத்தின் எடைச்சீட்டு). ஏற்கப்பட்டது 242 (ஆலையின் வரவுப் பதிவு). ஈரக் கழிவுக்குப் பின் பணத்துக்குரியது 239.6. ஒப்பந்தப்படி கணக்கில் வருவது 242. குறைவு 58 டன்." அனுப்பிய எடைக்கும் ஏற்ற எடைக்கும் பக்கத்தில் அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்று இருப்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால், தேட வேண்டிய கோப்பு எது என்று அந்த அடைப்புக்குறி சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 242 என்பதை அழைப்பில் யாரும் சொல்லவில்லை. எழுதியவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது. அதை அழைப்பில் பேசியது போல எழுதிவிடக்கூடாது. "அழைப்புக்குப் பின் கணக்கிட்டது" என்று மூன்று சொல் சேர்த்துவிடுங்கள். பேசியதும் நாம் கண்டுபிடித்ததும் ஒரே வரியில் கலந்துவிட்டால், மறுதரப்பு அந்த ஒரு வரியைக் காட்டி முழுப் பக்கத்தையும் நம்ப மறுக்கும்.

இப்போது ஈரப்பதத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டிய இடம். அந்த நான்கு லோடும் கிளம்பும்போது நம் மீட்டரில் 14.3 காட்டியது என்றார் நம் அலுவலர். ஆலையின் மீட்டரில் 16. "உங்க மீட்டர் ரிப்பேர்" என்று இவர் சொல்ல, "உங்களுடையதைத்தான் சரிபார்க்கணும்" என்று அவர் சொல்ல, குரல் உயர்ந்தது.

நம் பக்கத்தில் மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையிலும் களத்திலும் பரப்பிக் காயவைப்பது உங்களுக்குத் தெரியும். வெயில் கடுமையாக இருந்தால் மணியின் மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் இருக்கும். உடனே மீட்டரில் போட்டால், கைமீட்டர் பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் உணரும் என்பதால், எண் குறைவாகக் காட்டும். மூட்டையில் ஓரிரவு கிடந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே பரவிச் சமப்படும். மறுநாள் அதே மணியில் அதே மீட்டர் கூடுதலாகக் காட்டும். மாதிரி எடுக்கும் இடமும் எண்ணை மாற்றும். லாரியின் மேல் மூட்டையில் ஒரு பிடி எடுப்பதும், குத்தூசி போட்டுப் பல மூட்டைகளில் எடுத்துக் கலப்பதும் ஒன்றாகாது. மணி சூடாக இருக்கும்போது அளப்பதும், மீட்டரை வெகுநாள் சரிபார்க்காமல் வைத்திருப்பதும் இதோடு சேரும். உண்மையான ஈரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், மாதிரியை எடைபோட்டு, ஆய்வக அடுப்பில் காயவைத்து, மீண்டும் எடைபோட்டுக் குறைந்ததைப் பார்க்க வேண்டும். மீட்டர்கள் எல்லாம் அந்த முறையை வைத்துச் சரிசெய்யப்பட்டவைதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தாலும், சுருக்கம் எழுதுகிறவர் "நிறுவனத்தின் காயவைப்பு முறை சரியில்லாததால் ஈரம் கூடியது" என்று எழுதக்கூடாது. அழைப்பில் அது முடிவாகவில்லை. எழுத வேண்டியது இதுதான்: "நான்கு லோடில் நிறுவனத்தின் அளவு 14.3, ஆலையின் அளவு 16. வேறுபாட்டின் காரணம் முடிவாகவில்லை. காயவைக்கும் முறை என்பது ஆலையின் கருத்து. மீட்டர் என்பது நிறுவனத்தின் கருத்து." தவறிய இலக்கின் பக்கத்தில் காரணம் எழுதும்போது, அது யார் சொன்ன காரணம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பெயரில்லாத காரணம் தீர்ப்பாகிவிடும்.

அழைப்பில் கழிவு விகிதமும் பேசப்பட்டது. இதில் நம் கணக்காளர் கெட்டிக்காரர். 16 சதவீத ஈரமுள்ள 80 டன்னை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். உலர்ந்த பொருள் மாறாது. நூறு கிலோவில் 84 கிலோ. அதுவே 14 சதவீத ஈரத்தில் நூறு கிலோவுக்கு 86 கிலோ. எனவே 80-ஐ 84-ஆல் பெருக்கி 86-ஆல் வகுத்தால் 78.14 டன். குறைவது 1.86 டன்தான், நீங்கள் பிடித்ததோ 2.4. வித்தியாசம் அரை டன்னுக்குச் சற்று மேல், பணத்தில் சுமார் 12,400 ரூபாய். ஆலை மேலாளரும் விடவில்லை. காயவைக்க எங்களுக்குக் கூலியும் விறகும் ஆகிறது, கையாளும்போது கொட்டும் சேதாரமும் இருக்கிறது, அந்த வித்தியாசம் அதற்குத்தான் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவர் சொன்னது: "மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேன்."

நம் கணக்காளர் அன்றைக்கு எழுதிய முதல் வரைவில் இது எப்படி வந்தது தெரியுமா? "கழிவு விகிதத்தைக் குறைக்க ஆலை ஒப்புக்கொண்டது." அவர் திட்டமிட்டுத் திரிக்கவில்லை. வாதத்தில் ஜெயித்த மகிழ்ச்சியில் காதில் அப்படி விழுந்திருக்கிறது. ஆனால் ஆலை குறைக்கவும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. பதில் சொல்கிறேன் என்றது, அதற்கும் தேதி வைக்கவில்லை. சரியான வரி: "கழிவு விகிதம் பற்றி நிர்வாகத்திடம் கேட்டுப் பதில் தருவதாகக் கொள்முதல் மேலாளர் கூறினார். தேதி குறிப்பிடப்படவில்லை." இந்தக் கடைசி இரண்டு சொல்லை எழுதக் கூச்சப்படுவார்கள், குற்றம் சாட்டுவது போல இருக்கிறதே என்று. கூச்சப்படாதீர்கள். அந்தச் சொற்களைப் படித்த மேலாளரே பெரும்பாலும் மறு அஞ்சலில் ஒரு தேதி போட்டு அனுப்பிவிடுவார்.

தவறிய இலக்குகள் என்ற பகுதிக்கு வந்தால், நான் பார்த்தவரை பெரும்பாலான சுருக்கங்களில் விற்பவர் தவறியது மட்டும்தான் இருக்கும். டன் குறைந்தது, ஈரம் கூடியது, லோடு திரும்பியது. வாங்குபவர் தவறியது ஒரு வரிகூட இருக்காது. ஆலை பெரியது, நாம் சிறியவர்கள். அடுத்த லோடு எடுக்க வேண்டுமே என்ற பயம். பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது.

பணப் பட்டுவாடாவை எடுத்துக்கொள்வோம். நம் அலுவலர் சராசரி 17 நாள் ஆகிறது என்றார். ஆலைக் கணக்கர் 9 நாளில் போட்டுவிடுகிறோம் என்றார். மறுபடியும் இரண்டும் உண்மை! நாம் நாளை எண்ணத் தொடங்குவது லோடு ஏற்கப்பட்ட அன்று. அவர் எண்ணத் தொடங்குவது பில் அவருடைய கணினியில் 'பாஸ்' ஆன அன்று. ஆய்வக அறிக்கை வரும்வரை பில் மேசையில் கிடந்த நாட்கள் அவர் கணக்கில் இல்லை. ஒப்பந்தம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து என்கிறது. ஆகவே இங்கே நம் எண்தான் செல்லும்.

செல்லும் என்றாலும் 17 என்ற சராசரி போதாது. பன்னிரண்டு லோடையும் பிரித்துப் பார்த்தால், ஏழு லோடுக்கு 9 நாளில் பணம் வந்திருக்கிறது. மூன்றுக்கு 20 நாள். இரண்டுக்கு மட்டும் 38 நாள். கூட்டி வகுத்தால் 16.6, அதாவது 17. ஆலை எப்போதுமே தாமதம் என்று இந்தச் சராசரி நினைக்க வைக்கிறது. உண்மையில் பாதிக்கு மேல் குறித்த நாளுக்குள் வந்திருக்கிறது. சிக்கல் ஐந்து பில்லில்தான். அந்த ஐந்தில் நான்கு எவை என்று நினைக்கிறீர்கள்? ஈரம் 16 காட்டிய அதே நான்கு லோடு. ஈரக் கழிவில் தகராறு வந்ததும் பில்லை ஓரமாக வைத்துவிட்டார்கள். மீட்டர் பிரச்சினையும் பணத் தாமதமும் ஒரே பிரச்சினை என்று அழைப்பில் யாருக்கும் தெரியவில்லை. சுருக்கம் எழுத உட்கார்ந்தவருக்குத்தான் தெரிந்தது. இதையும் "பின்னர் கவனித்தது" என்ற குறிப்போடு எழுதலாம்.

ஜனவரி மாதம் 40 டன்தான் போனது; பிப்ரவரியில் 120, மார்ச்சில் 102. மேலாளர் ஜனவரி இலக்கு தவறியது என்றார். 2024 நவம்பர் கடைசியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் டிசம்பர் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தை எப்படி நனைத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயலில் நீர் வடியவே நாள் ஆனது, அறுப்பு தள்ளிப்போனது என்று தலைவர் விளக்கினார். ஆனால் ஒப்பந்தத்தில் மாத இலக்கே கிடையாது, காலாண்டுக்குத்தான் இலக்கு. எனவே இது தவறிய இலக்குகளில் வராது. "ஜனவரி வரத்துக் குறைவு பற்றிப் பேசப்பட்டது, ஒப்பந்தத்தில் மாத இலக்கு இல்லை" என்று வழங்கல் பகுதியில் ஒரு வரி போதும். பிப்ரவரியில் நம் லாரிகள் ஆலை வாசலில் இரண்டு மூன்று நாள் இறக்காமல் நின்றதும் அப்படித்தான். வண்டிக்காரர் காத்திருப்பு வாடகை கேட்டார், நாம்தான் கொடுத்தோம். வயிறு எரிகிறது. ஆனால் எத்தனை மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. இலக்கே வைக்காத ஒன்றைத் தவறிய இலக்கு என்று எழுத முடியாது. அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்கலாம். அது வேறு பகுதி.

இனி வாக்குறுதிகள். இந்த அழைப்பில் சொன்னவற்றை அப்படியே அடுக்கிப் பார்ப்போம்.

ஆலைக் கணக்கர், 38 நாள் இழுத்த இரண்டு பில்லிலும் இன்னும் ஒரு பகுதிப் பணம் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு, "இந்த வாரத்துக்குள்ள முடிச்சிடறோம்" என்றார். அன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 18, புனித வெள்ளி, வங்கி கிடையாது. சனிக்கிழமை 19 மாதத்தின் மூன்றாம் சனி என்பதால் வங்கி உண்டு. அப்படியானால் "இந்த வாரம்" என்பது வியாழனா, சனியா? நம் கணக்காளர் அப்போதே கேட்டார்: "சார், 17-ஆம் தேதியா, 19-ஆம் தேதியா? எழுதிக்கறேன்." கணக்கர், "19 போட்டுக்கங்க" என்றார். இவ்வளவுதான் வேலை. கேட்காமல் விட்டிருந்தால், திங்கட்கிழமை நாம் போன் போட, அவர் "வாரம்னு சொன்னேனே, இன்னும் இருக்குல்ல" என்றிருப்பார்.

நம் தலைவர் இருபதாவது நிமிடத்தில், ஏப்ரலில் 60 டன் தருகிறோம் என்று சொல்லிவிட்டார். ஐம்பதாவது நிமிடத்தில் கிடங்கைக் கவனிக்கும் இயக்குநர் தயங்கித் தயங்கி, "அண்ணே, கையில 35 டன்தான் இருக்கு. சின்னசேலம் பக்கத்துல கேட்டா இன்னும் அஞ்சு சேரும்" என்றார். தலைவர் 40 என்று மாற்றிக்கொண்டார். மேலாளரும் "சரிங்க, 40" என்றார். சுருக்கத்தில் வர வேண்டியது 40. ஆனால் ஆலைத் தரப்பில் எழுதியவர் 60-ஐக் கேட்டதும் எழுதி முடித்துவிட்டு, ஐம்பதாவது நிமிடத்தில் டீ குடிக்கப் போயிருக்கலாம். அதனால், "40 டன் (முதலில் சொன்ன 60 மாற்றப்பட்டது, 50-ஆம் நிமிடம்)" என்று எழுதுங்கள். பேச்சின் போக்கில் பக்கவாட்டில் நேரம் குறித்துக்கொண்டே வருவது இதற்குத்தான். அழைப்பைப் பதிவு செய்வதானால் தொடக்கத்திலேயே இரு தரப்பிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நிபந்தனையோடு வந்த வாக்கு. லாரி காத்திருப்பு பற்றிக் கேட்டபோது மேலாளர், "ரெண்டு நாள் முன்னாடி லோடு தேதி சொல்லிடுங்க, வந்த அன்னைக்கே இறக்கிடறோம்" என்றார். நம் தரப்பில் எழுதுகிறவர் "வந்த அன்றே இறக்க ஆலை உறுதி" என்று பாதியை எழுதுவார். ஆலை எழுதினால் "இரண்டு நாள் முன் தேதி தர நிறுவனம் உறுதி" என்று மறுபாதி வரும். முழு வாக்கியமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்: நிறுவனம் இரண்டு நாள் முன் தெரிவித்தால், ஆலை அதே நாளில் இறக்கும்.

மீட்டர் விஷயத்தில் இரு தரப்பும் சேர்ந்து ஒரு காரியம் செய்வதாகப் பேசினார்கள். நாம் நம் மீட்டரை எடுத்துக்கொண்டு நாமக்கல் போவது, ஆய்வகப் பொறுப்பாளர் ஒரே மாதிரியை இரண்டு மீட்டரிலும் அடுப்பிலும் பார்த்துக்காட்டுவது, ஏப்ரல் 25-க்குள். இதைக் "கூட்டாக மீட்டர் சரிபார்ப்பு" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். கூட்டு வேலைக்கு யாரும் பொறுப்பாக மாட்டார்கள். எடுத்துப்போவது முதன்மைச் செயல் அலுவலர், சோதித்து அறிக்கை தருவது ஆய்வகப் பொறுப்பாளர் என்று இரண்டு வரி, இரண்டு பெயர். பெயர் என்றால் பதவி இல்லை, ஆளின் பெயர். "ஆலை செய்யும்" என்று எழுதினால் ஆலையில் யாரும் செய்ய மாட்டார்கள்.

கடைசியாக, பதிலே வராத கேள்வி ஒன்று இருந்தது. திருப்பியனுப்பிய லோடுக்குப் போக வர லாரி வாடகை. "அது உங்க செலவுதானே?" என்று மேலாளர் கேட்டார். நம் பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நஞ்சு ஒரு லோடில் சீராகப் பரவியிருக்காது, ஒரு மூட்டையில் மிகுதியாகவும் பக்கத்து மூட்டையில் இல்லாமலும் இருக்கும். எனவே மாதிரி எடுத்த விதம் பற்றி நமக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் ஆலையிலிருந்து வரும் குறிப்பில் "வாடகை நிறுவனத்தைச் சார்ந்தது" என்று இருந்தால் வியப்பில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எழுதும் வழக்கம் கல்யாணப் பேச்சில் இருக்கலாம், கொள்முதலில் கூடாது. வாக்குறுதிகளுக்குக் கீழே "முடிவாகாதவை" என்று ஒரு தலைப்பு வைத்து, கேள்வியைக் கேட்டபடியே எழுதி, "பதில் சொல்லப்படவில்லை" என்று முடியுங்கள். மாதிரி எடுத்த முறை பற்றிய நம் கேள்வியை அங்கே நுழைக்காதீர்கள், அது அழைப்பில் கேட்கப்படவில்லை. அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்.

இந்த வடிவம் நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1969-இல் வந்த முன்னோடி வங்கித் திட்டத்தின்படி, மாவட்டத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வங்கிகளும் அரசுத் துறைகளும் ஆட்சியர் தலைமையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை நம் பகுதிக்கு அது விழுப்புரத்தில் நடந்தது. கடன் இலக்கு எவ்வளவு, எந்த வங்கி தவறியது, எந்தத் துறை விண்ணப்பத்தை அனுப்பவில்லை, அடுத்த கூட்டத்துக்குள் யார் என்ன செய்வது. அங்கேயும் இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்: வங்கி கடன் தரவில்லை என்பார் துறைக்காரர், துறை சரியான ஆளை அனுப்பவில்லை என்பார் வங்கிக்காரர். அந்தக் கூட்டங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்றுண்டு. புதிய எண்களுக்குப் போகும் முன், போன கூட்டத்தில் சொன்னதற்கு எடுத்த நடவடிக்கை என்ன என்று பார்ப்பது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கம்பெனிச் சட்டப்படி நம் இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியே ஆக வேண்டும். ஆலையோடு அழைப்பை அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன் வைத்துக்கொண்டால், சுருக்கம் அப்படியே குழுவின் முன் போகும். குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுதச் சட்டம் 30 நாள் தருகிறது. ஆலை அழைப்பின் சுருக்கத்துக்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று மாலையே அனுப்புங்கள். மூன்றாம் நாள் அனுப்பினால், 40 டன்னா 60 டன்னா என்று இரு தரப்பும் நினைவிலிருந்து சண்டை போட வேண்டியிருக்கும். கணக்கர் பணம் போடுவதாகச் சொன்ன 19-ஆம் தேதியே அதற்குள் நெருங்கிவிடும்.

எழுதுவது யார் என்று ஒருவர் முன்பே கேட்டார். அதிகம் பேசுகிறவர் எழுதக்கூடாது. தலைவரும் அலுவலரும் பேசட்டும், கணக்காளரோ இளைய இயக்குநரோ எழுதட்டும். அவர் இடைமறித்துத் தேதி கேட்கும் உரிமையை மட்டும் தலைவர் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஆலையே எழுதி அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அது வரும் வரைக்கும் காத்திருக்காமல் நம்முடையதை முதலில் அனுப்பிவிடுங்கள். முதலில் போய்ச் சேர்ந்த தாளைத்தான் மற்றவர் திருத்துவார். நம்முடையது நேர்மையாக இருந்தால் திருத்தமும் சிறியதாகத்தான் இருக்கும். 58 டன் குறைவையும், திரும்பிய லோடையும் நாமே முதலில் எழுதியிருந்தால், கீழே இருக்கும் "ஐந்து பில் தாமதம்" என்ற வரியை அடிக்க அவர்களுக்கு மனம் வராது.

அஞ்சலின் அடியில் "திருத்தம் இருந்தால் 17-ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல் ஒருமுறை போன் போட்டு, "பார்த்தீங்களா சார், ஏதாவது மாத்தணுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அடுத்த அழைப்பு வரும்போது, அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் கேள்வியாக, 19-ஆம் தேதி பணம் வந்ததா, 25-க்குள் மீட்டர் பார்த்தாயிற்றா, 40 டன் போயிற்றா என்று கேட்டுவிட்டுப் பிறகு புதிய காலாண்டின் எடைக்குப் போகலாம். மேலாளரிடமிருந்து இன்னும் பதில் வராத கழிவு விகிதமும் லாரி வாடகையும் அப்போதும் "முடிவாகாதவை"யில்தான் இருக்கும் என்றால், அந்த இரண்டையும் தொலைபேசியில் பேசாமல் நேரில் போய்ப் பேசுங்கள்.